கால் வீங்குவதும் மூச்சு முட்டுவதும்: இதயம் தளரும்போது தந்துகிகளில் நடப்பது என்ன?

இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் வழக்கமாக மூன்று செய்திகள் இருக்கும். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்திருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது, இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தது. கூடவே ஒரு யூரின் மாத்திரையும் உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையும் இருக்கும். மும்பையில் மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அந்தச் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். "பிரச்சினை ஹார்ட்லதானே, யூரின் மாத்திரை எதுக்கு?" "கால்ல இருந்த தண்ணி நெஞ்சுக்கு ஏறிடுச்சா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ரத்தக்குழாய்க்குள் இருக்கும் நீர் எப்படி வெளியே வருகிறது, எப்படித் திரும்புகிறது என்பது புரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். அங்கிருந்தே தொடங்குவோம்.

## தந்துகியின் சுவரில் நடப்பது

தமனிகள் கிளைகிளையாகப் பிரிந்து முடிவில் தந்துகிகளாகின்றன. ஒரு தந்துகியின் உட்புற அகலம் ஒரு சிவப்பணு நெளிந்து நுழையும் அளவுதான். அதன் சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. அந்தச் செல்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகத் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் வெளியே போகும். ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும்.

எவ்வளவு நீர் வெளியேறித் திசுவில் தங்கும் என்பதை 3 விஷயங்கள் முடிவு செய்கின்றன.

1. உள்ளிருந்து தள்ளும் அழுத்தம். தந்துகிக்குள் இருக்கும் ரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இதய மட்டத்தில் உள்ள ஒரு தந்துகியில், தமனிப் பக்கத்து முனையில் இது சுமார் 35 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கத்து முனையில் சுமார் 15 மி.மீ.

2. புரதத்தின் இழுப்பு. உள்ளே தங்கிவிட்ட புரதம் நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. ரத்தத்தில் இந்த இழுப்பு ஏறக்குறைய 25 முதல் 28 மி.மீ. வரை. இதில் பெரும்பங்கு ஆல்புமினுடையது.

3. நிணநீர்க் குழாய்கள். திசுவுக்குள் வந்துவிட்ட நீரையும், கூடவே கசிந்த கொஞ்சம் புரதத்தையும் இவை அள்ளிக்கொண்டு போய், கழுத்தின் அடியில் உள்ள பெரிய சிரைகளில் சேர்க்கின்றன.

முதல் இரண்டுக்கும் இடையிலான இழுபறியை 1896இல் விளக்கியவர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங். அதை வைத்துப் பல தலைமுறைப் பாடப்புத்தகங்கள் ஒரு அழகான படத்தை வரைந்தன. தந்துகியின் தொடக்கத்தில் தள்ளும் அழுத்தம் அதிகம் என்பதால் நீர் வெளியேறுகிறது, முடிவில் புரதத்தின் இழுப்பு அதிகம் என்பதால் அதில் பெரும்பகுதி உள்ளே திரும்புகிறது, மிச்சம் மீதியை மட்டும் நிணநீர் எடுத்துக்கொள்கிறது என்பது அந்தப் படம். இன்றும் பல மாணவர்கள் இதைத்தான் படிக்கிறார்கள்.

அந்தப் படம் திருத்தப்பட்டுவிட்டது. தந்துகியின் உட்சுவரில் கிளைக்கோகாலிக்ஸ் என்ற மெல்லிய சர்க்கரைப் படலம் ஒன்று இருக்கிறது. புரதத்தின் இழுப்பு உண்மையில் வேலை செய்வது அந்தப் படலத்தின் இரு பக்கங்களுக்கு நடுவேதான். இதைக் கணக்கில் எடுத்து 2010இல் லெவிக், மிஷெல் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முடிவு இது: தோல், தசை, நுரையீரல் போன்ற இடங்களில், நிலைமை மாறாமல் இருக்கும்போது, நீர் தந்துகிக்குள் தொடர்ந்து திரும்புவதில்லை. தந்துகியின் முழு நீளத்திலும் மெதுவாகக் கசிவுதான் நடக்கிறது. கசிந்தது முழுவதும் நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்குத் திரும்பியாக வேண்டும். சிறுநீரகமும் குடலின் உட்சுவரும் இதற்கு விதிவிலக்கு. அங்கே தந்துகிகள் தொடர்ந்து நீரை உறிஞ்சுகின்றன.

நம் கேள்விக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியம். ஒரு நாளில் இப்படிக் கசிந்து திரும்பும் நீர் சுமார் 8 லிட்டர் என்று கணக்கிடப்படுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ மொத்தமே 3 லிட்டர்தான். கசிவு கொஞ்சம் கூடினாலும், நிணநீர் கொஞ்சம் தடைப்பட்டாலும், திசுவில் நீர் தங்கத் தொடங்கிவிடும். திடீரென்று தந்துகி அழுத்தம் விழுந்தால் மட்டும் கொஞ்ச நேரத்துக்குத் திசுநீர் ரத்தத்துக்குள் நேராகத் திரும்பும். இந்தத் தற்காலிகத் திரும்பல் இரவு மூச்சிரைப்பிலும் சிகிச்சையிலும் மறுபடி வரும்.

## பிபி ஏறினால் கால் ஏன் வீங்குவதில்லை?

தந்துகி, தமனிக்கும் சிரைக்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் பிபி 180 இருப்பவருக்குக் கால் வீங்க வேண்டுமே என்று தோன்றும். வீங்குவதில்லை.

காரணம், தந்துகிக்கு முன்னால் இருக்கும் சிறு தமனிகள். அவைதான் ரத்த ஓட்டத்துக்குப் பெரிய தடை. தமனிப் பக்கம் அழுத்தம் ஏறினால் அவை இன்னும் சுருங்கி, ஏற்றத்தைத் தந்துகிக்கு வரவிடாமல் தடுத்துவிடும். சிரைப் பக்கம் அப்படிப்பட்ட தடை ஏதும் இல்லை. சிரையில் 10 மி.மீ. ஏறினால் அதில் சுமார் 8 மி.மீ. தந்துகிக்கு அப்படியே போய்ச் சேரும். வீக்கத்தைப் பொறுத்தவரை, கையில் பட்டை கட்டி அளக்கும் பிபியைவிட, யாரும் வீட்டில் அளக்காத சிரை அழுத்தம்தான் முக்கியம்.

பிபிக்காக அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கணுக்கால் வீங்குவதும் இதனால்தான். அந்த மாத்திரை சிறு தமனிகளை விரிக்கிறது. காவல் தளர்ந்ததும் தமனியின் அழுத்தம் தந்துகிக்குள் இறங்குகிறது. உடம்பில் மொத்த நீர் கூடவில்லை என்பதால் எடை பெரிதாக ஏறாது, யூரின் மாத்திரையும் அதற்கு அவ்வளவாக உதவாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அம்லோடிபின் வீக்கத்துக்கு யூரின் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே போவது அடிக்கடி நடக்கும் தவறு.

## கால்தான் ஏன் முதலில்?

அசையாமல் நிற்கும்போது இதயத்தில் இருந்து பாதம் வரை உள்ள ரத்தத்தின் எடை முழுவதும் பாதத்துச் சிரைகளில் இறங்குகிறது. அங்கே அழுத்தம் சுமார் 90 மி.மீ. வரை போகும். நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும்.

ஆரோக்கியமானவருக்கும் கால் தந்துகிகள் நாள் முழுக்க இப்படி ஒரு பாரத்தைச் சமாளித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அதற்கான பாதுகாப்புகள் திசுவிலேயே உண்டு. கசிவு கூடினால் நிணநீர் ஓட்டம் பல மடங்கு ஏறும். கசிந்த நீர் திசுவில் உள்ள புரதத்தை அடித்துக்கொண்டு போவதால், வெளியில் இருந்து நீரை இழுக்கும் சக்தி குறையும். திசு தொடக்கத்தில் எளிதில் விரிந்துகொடுக்காமல் எதிர்த்து நிற்கும். இவை சேர்ந்து தந்துகி அழுத்தத்தில் சுமார் 17 மி.மீ. ஏற்றத்தை வீக்கம் இல்லாமல் தாங்கும் என்பது உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டனின் கணக்கு. அந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான் வீக்கம் கண்ணில் படும். அதற்குள் உடம்பில் 2 முதல் 4 லிட்டர் நீர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். "நேத்துதான் வீங்கிச்சு" என்று சொல்லும்போது நீர் சேரத் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## வீக்கத்தின் நீர் எங்கிருந்து வருகிறது?

பலருடைய மனதில் இருக்கும் படம் இது: மழைநாளில் அடைத்துக்கொண்ட சாக்கடை எதிர்த்து வருவதுபோல, இதயத்தால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, காலில் நீராகக் கசிகிறது. இதில் பாதி உண்மை. விட்டுப்போன பாதியில்தான் யூரின் மாத்திரைக்கான காரணம் இருக்கிறது.

திடீரென்று மாரடைப்பு வந்து இதயம் பாதி வலுவை இழக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பாருங்கள். சிரைகளில் அழுத்தம் சற்று ஏறும், தமனிகளில் விழும். நடுவில் உள்ள கால் தந்துகிகளில் அழுத்தம் ஏறுவதில்லை, சற்றுக் குறையவும் செய்யும். அன்றைக்கே யாருக்கும் கால் வீங்குவதில்லை. பின்னால் தேங்குவது மட்டுமே காரணமாக இருந்தால் வீங்கியிருக்க வேண்டும்.

அடுத்து வரும் நாட்களில் நடப்பது இது.

1. இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. உடம்பில் ரத்தம் இழக்கப்பட்டுவிட்டது என்பதுபோல் சிறுநீரகம் எதிர்வினை காட்டுகிறது. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற தொடர் வேலை செய்யத் தொடங்குகிறது.

2. ஆல்டோஸ்டிரோன் உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்துவைக்கிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும். உடம்பின் செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு. ஆகவே தங்கிவிட்ட ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் நீரை, அதாவது ஒரு கிலோ எடையைப் பிடித்துவைக்கும்.

3. ரத்தத்தின் அளவு கூடுகிறது. தொடக்கத்தில் இது உதவியும் செய்கிறது, நிறைய ரத்தம் வந்தால் இதயம் சற்றுப் பலமாகத் துடிக்கும். ஆனால் தளர்ந்த இதயத்தில் அந்த லாபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு சேரும் ஒவ்வொரு லிட்டரும் சிரை அழுத்தத்தைத்தான் ஏற்றும்.

4. வலது மேலறையின் அழுத்தம் வழக்கமான 0 முதல் 5 மி.மீ.இல் இருந்து 15 மி.மீ. வரை போகிறது. அதில் பெரும்பங்கு கால் தந்துகிக்கு இறங்கி, நிற்கும்போது ஏற்கெனவே இருக்கும் பாரத்தின் மேல் ஏறுகிறது.

5. நிணநீர் போய்ச் சேரும் இடமும் அதே கழுத்துச் சிரைகள்தான். அங்கேயும் அழுத்தம் ஏறிவிட்டதால் வடிகாலின் வாயே நெருக்கப்படுகிறது. கசிவு கூடும் அதே நேரத்தில் திரும்பும் வழி குறுகுகிறது.

இந்த வரிசையில் நீரைச் சேர்ப்பது சிறுநீரகம், அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை இதயம் முடிவு செய்கிறது. யூரின் மாத்திரை இரண்டாவது படியை உடைக்கிறது, அவ்வளவுதான். ஃப்யூரோசெமைடு சிறுநீரகக் குழலின் ஒரு பகுதியில் உப்பு திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, உப்பையும் அதோடு நீரையும் வெளியேற்றுகிறது. தளர்ந்த இதயத் தசையை அது சரிசெய்வதில்லை. ஆகவேதான் வீக்கம் வடிந்ததும் "குணமாகிவிட்டது" என்று மற்ற மாத்திரைகளை நிறுத்துவது ஆபத்தாகிறது.

## நுரையீரலில் கணக்கு வேறு

இதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் அங்கிருந்து வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் தளர்ந்தால் அழுத்தம் ஏறுவது நுரையீரல் தந்துகிகளில். வலப்பக்கம் தளர்ந்தால் கால், கல்லீரல், குடல் ஆகியவற்றில். வலப்பக்கம் தளர மிகப் பொதுவான காரணம் இடப்பக்கம் தளர்ந்து நுரையீரலில் அழுத்தம் ஏறியதுதான் என்பதால், நாளடைவில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நுரையீரல் தந்துகியின் வழக்கமான அழுத்தம் 7 முதல் 10 மி.மீ. மட்டுமே. புரதத்தின் இழுப்பு 25க்கு மேல். இடைவெளி நிறைய இருக்கிறது, நுரையீரலின் நிணநீர் ஓட்டமும் நல்ல வேகம். காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீர் வராமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு. அந்த இடைவெளி எப்படிக் கரைகிறது என்பதை அழுத்தத்தை வைத்துச் சொல்லலாம்.

1. 18 மி.மீ. வரை: நிணநீர் சமாளித்துவிடும். மூச்சில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம்.

2. 18 முதல் 25 வரை: காற்றறைகளைச் சுற்றியுள்ள திசுவில் நீர் சேரும். நுரையீரல் விறைப்பாகும், விரிக்க அதிக உழைப்பு வேண்டும். அந்த விறைப்பைத்தான் நோயாளி மூச்சு வாங்குவதாக உணர்கிறார். எக்ஸ்ரேயில் அடிப்பக்க ஓரங்களில் கெர்லி கோடுகள் என்ற சிறு கிடைக்கோடுகள் தெரியலாம். ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காமலும் இருக்கலாம்.

3. 25க்கு மேல்: நீர் காற்றறைக்குள்ளேயே இறங்கும். ஆக்சிஜன் விழும், இருமலில் நுரையும் சில சமயம் இளஞ்சிவப்புச் சளியும் வரும். இது நிமிடங்களில் கணக்கிட வேண்டிய அவசரம்.

இந்த எண்கள் வேகமாக ஏறும் அழுத்தத்துக்கானவை. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு பல வருடங்களாகச் சுருங்கிவந்தவருக்கு நிணநீர்க் குழாய்கள் தடித்துப் பழகியிருக்கும். அவர் 30க்கு மேலும் தாங்கி நடமாடுவார். எக்ஸ்ரே ஓரளவு தெளிவாக இருப்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

காலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இன்னொரு வேறுபாடு வேகம். கால் வீங்க, லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்தாக வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். நுரையீரலுக்கு அது தேவையில்லை. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. வலப்பக்கம் அனுப்புவதைவிட இடப்பக்கம் வாங்குவது வெறும் 1 சதவீதம் குறைந்தால், நிமிடத்துக்கு 50 மி.லி. நுரையீரலில் மிஞ்சும். 10 நிமிடத்தில் அரை லிட்டர். நுரையீரல் குழாய்களில் வழக்கமாக இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அழுத்தம் ஏற ஏற இடப்பக்கமும் கூடுதலாக நிரம்பி ஈடுகொடுக்கப் பார்ப்பதால் வித்தியாசம் அப்படியே நீடிப்பதில்லை. ஆனாலும் பிபி திடீரென ஏறியவருக்கு, எடை ஒரு கிலோகூடக் கூடாமல், கால் வீக்கமே இல்லாமல், அரை மணி நேரத்தில் நுரையீரல் நிறைய முடியும் என்பதற்கு இதுதான் விளக்கம்.

## ஒரு நோயாளியைப் படிப்படியாகப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு மாதிரி நோயாளி. செம்பூரில் மகன் வீட்டில் இருக்கும் 66 வயது அம்மா. முன்பு மாரடைப்பு வந்தவர், இதயத்தின் பம்ப் அளவு 30 சதவீதம். மாத்திரைகளோடு நன்றாக இருக்கிறார், எடை 58 கிலோ. ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் திருநெல்வேலி போய் வருகிறார். மொத்தம் 9 நாட்கள்.

1. ரயிலில். ஓடும் ரயிலில் அடிக்கடி கழிவறைக்குப் போக முடியாது என்று, போகும்போதும் வரும்போதும் யூரின் மாத்திரையை விட்டுவிடுகிறார். பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கெண்டைக்கால் தசை வேலை செய்யவில்லை.

2. ஊரில். கட்டுச்சோற்றுப் புளியோதரை, ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்பு. வழக்கமான 5 கிராம் உப்பு 10 கிராம் ஆகிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி ஒரு வாரம் சாப்பிடுகிறார். அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ரத்தம் தரும் குழாய்களைத் திறந்துவைக்கும் பொருளைத் தடுத்து உப்பைப் பிடிக்க வைக்கிறது, ஃப்யூரோசெமைடின் வேலையையும் மழுங்கடிக்கிறது. இந்தப் பயணத்தில் மிகப் பெரிய தவறு எது என்று கேட்டால் ஊறுகாயைவிட இந்த மாத்திரையைத்தான் சொல்வேன். அதைப் பற்றி அவரை யாரும் எச்சரித்திருக்கவும் மாட்டார்கள்.

3. கணக்கு. ஒரு நாளைக்கு 4.5 கிராம் உப்பு வெளியேறாமல் தங்கினால் தினமும் அரை லிட்டர். 9 நாளில் 4.5 லிட்டர். செம்பூர் திரும்பி எடை பார்த்தால் 62.5 கிலோ. இந்த நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு திசுக்களில், அதாவது 3.5 லிட்டருக்குச் சற்று மேல். காலில் குழி விழும் எல்லையைத் தாண்டியாயிற்று. வீட்டில் எல்லோரும் சொல்வது: "ரயில்ல உட்கார்ந்து வந்த வீக்கம், ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்."

4. அன்று இரவு. படுக்கும்போது மூன்று தலையணை கேட்கிறார். இரவு 2 மணிக்கு மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்கிறார். படுத்ததும் கால் சிரைகளில் தேங்கியிருந்த ரத்தம் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது, அதனால்தான் உடனே தலையணை தேவைப்பட்டது. கால் தந்துகிகளின் அழுத்தம் சட்டென்று விழுந்ததால், பகலில் திசுவில் சேர்ந்த நீரும் மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் திரும்புகிறது. அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் 2 மணிக்கு விழிப்பு. கால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியதா என்ற கேள்விக்கு, ரத்தத்தின் வழியாக ஆம், ஒரு பகுதி ஏறியது என்பதே பதில்.

5. மருத்துவமனையில். சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்க்கிறார்கள். மார்பெலும்பின் மேல்பகுதியில் கைக்குத் தட்டுப்படும் மேட்டில் இருந்து செங்குத்தாக 10 செ.மீ. உயரத்தில் சிரைத் துடிப்பு தெரிகிறது. அந்த மேடு வலது மேலறையைவிடச் சுமார் 5 செ.மீ. மேலே. மொத்தம் 15 செ.மீ. நீர், பாதரசக் கணக்கில் 11 மி.மீ. மேட்டுக்கு மேல் 3 செ.மீ.யைத் தாண்டினாலே அது அதிகம்.

6. ஏன் ஊசி? வீட்டில் யூரின் மாத்திரையை அன்று காலை சாப்பிட்டும் சிறுநீர் சரியாகப் போகவில்லை. குடல் சுவரும் நீர் கோத்து வீங்கியிருப்பதால் மாத்திரை ரத்தத்தில் ஏறுவது தாமதமாகிறது, வேலை செய்யத் தேவையான உச்ச அளவை எட்டுவதில்லை. சிரை வழியாகக் கொடுத்ததும் 2 மணி நேரத்தில் சிறுநீரில் உள்ள சோடியத்தை அளக்கிறார்கள். லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மருந்து போதவில்லை, அளவைக் கூட்ட வேண்டும் என்று பொருள்.

## ஏன் ஒரே நாளில் வடித்துவிடக் கூடாது?

யூரின் மருந்து நீரை எடுப்பது ரத்தத்தில் இருந்து. காலில் இருக்கும் நீரை அதனால் நேரடியாகத் தொட முடியாது. ரத்தத்தில் நீர் குறைந்து, தந்துகி அழுத்தம் இறங்கி, மிஞ்சிய புரதம் செறிவாகி இழுப்பு கூடிய பிறகுதான் திசுநீர் நிணநீர் வழியாகவும் தந்துகி வழியாகவும் உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்பும். எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சினால், கால் வீங்கியபடியே இருக்க, ரத்தம் மட்டும் வற்றும். எழுந்து நின்றால் தலைசுற்றும், பிபி விழும், கிரியாட்டினின் ஏறும். வீட்டில் இருந்தபடி மருந்து எடுப்பவருக்கு நாளைக்கு அரை முதல் ஒரு கிலோ வரை எடை இறங்குவது பொதுவாகப் பாதுகாப்பான வேகம். மருத்துவமனையில் கண்காணிப்பு இருப்பதால் அதைவிட வேகமாகப் போவார்கள்.

ஆல்புமின் மிகவும் குறைந்திருப்பவருக்கு இந்த நிரப்புதல் இன்னும் மெதுவாக நடக்கும். அதுபோல, சிறுநீரகத்தில் புரதம் ஒழுகி ஆல்புமின் விழுந்தவருக்கு முகமும் காலும் உப்பினாலும், நுரையீரல் பெரும்பாலும் தப்பிவிடும். ரத்தத்தில் புரதம் மெல்லக் குறையும்போது நுரையீரல் திசுவிலும் கூடவே குறைவதால் இழுபறி அதிகம் மாறுவதில்லை. நுரையீரலை நிரப்புவது பெரும்பாலும் அழுத்தம்தான்.

## வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எடைதான் முதல் சாட்சி. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் பார்த்து எழுதிவைக்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஊரில் எடை பார்த்திருந்தால் நான்காம் நாளிலேயே 2 கிலோ ஏறியது தெரிந்திருக்கும்.

காலை அழுத்திப் பார்ப்பதாக இருந்தால், பாதத்தைவிடக் கணுக்காலுக்கு மேலே கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தில் கட்டைவிரலால் 5 முதல் 10 விநாடி அழுத்துங்கள். எடுத்ததும் குழி நின்றால் நீர். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் மெலிந்து தெரியலாம், நீர் இடுப்பின் பின்பக்கம் இறங்கியிருக்கும். அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் "வீக்கம் இல்லை" என்று எழுதிவிடுவது சகஜம்.

எல்லா வீக்கமும் இதயத்தால் வருவதில்லை. ஒரு காலில் மட்டும், அதுவும் வலியோடு வந்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம், அதற்கும் அன்றே பரிசோதனை வேண்டும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி உப்பியிருந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். தோல் தடித்து, அழுத்தினாலும் குழி விழாமல் இருந்தால் யானைக்கால் போன்ற நிணநீர் அடைப்போ தைராய்டு குறைவோ காரணமாகலாம். வருடக்கணக்கில் புகைத்து நுரையீரல் கெட்டவருக்கு இதயத்தின் வலப்பக்கம் மட்டும் தளர்ந்து, நுரையீரலில் நீர் இல்லாமலே கால் வீங்கும்.

குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவது, புதிதாகத் தலையணை கூடுவது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருப்பது ஆகியவை இதய அழுத்தம் ஏறியதைக் காட்டும் அறிகுறிகள். மருத்துவர் கேட்கும்வரை பல அம்மாக்கள் இவற்றைச் சொல்வதில்லை. வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். கால் வீங்கியவரைக் கண்டதும் வீட்டில் காலுக்கடியில் தலையணைகளை அடுக்கிப் படுக்கவைப்பார்கள். மூச்சு சீராக இருப்பவருக்கு அதில் தவறில்லை. மூச்சு வாங்குபவருக்கு அதைச் செய்தால், காலில் இருக்கும் ரத்தத்தை ஏற்கெனவே நிரம்பிய நுரையீரலுக்கு அனுப்புகிறோம். இறுக்கமான காலுறை மாட்டுவதும் அந்த நேரத்தில் அதையே செய்யும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைக் கட்டிலில் இருந்து கீழே தொங்கவிடுங்கள். அப்படியும் மூச்சு அடங்கவில்லை, நுரையாகச் சளி வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் மாத்திரைக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைத்து, உட்கார்ந்த நிலையிலேயே அழைத்துப் போக வேண்டும்.